கடன் கொப்பியை முதலில் தூக்குங்கள்

2018 டிசம்பர் 21 இரவு எங்கள் கடைக்குள் வெள்ளம் வந்தபோது நான் முதலில் தூக்கியது சீனி மூட்டையை. அரை மூட்டைதான் இருந்தது. அதை மேசையில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், காசு மேசையின் கீழ்த் தட்டில் இருந்த கடன் கொப்பி தண்ணீருக்குள் கிடக்கிறது. அன்றைய சீனியின் விலை சில ஆயிரம் ரூபாய். அந்தக் கொப்பிக்குள் இருந்தது 3,84,000 ரூபாய்.

கடை கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே. பலசரக்கு, மண்ணெண்ணெய், காஸ், மீன் இறைச்சி உறையவைக்கும் ஒரு குளிர்ப்பெட்டி, அவ்வளவுதான். இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாய்ந்தால் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு எங்கள் பக்கம் வந்து, கண்டாவளையைத் தாண்டித்தான் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த வருடம் வான்கதவுகள் திறந்த இரவில் மழையும் விடாமல் பெய்தும், வழக்கம்போல முற்றத்தில் நின்று வடிந்துவிடும் என்று நினைத்துப் படுத்துவிட்டோம். விடியப் பார்த்தபோது சுவரில் ஈரக்கோடு 2 அடி 3 அங்குலத்தில் நின்றது. அந்தக் கோட்டை ஆணியால் கீறி வைத்திருக்கிறேன். பிறகு செய்த எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு.

கடன் கொப்பி ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதை வன்னியில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே காலபோகம் ஐப்பசி மழையோடு விதைத்து, மாசி பங்குனியில் வெட்டுவது. விதைப்புக்கும் உரத்துக்கும் கையில் இருந்த காசு போய்விடும். கார்த்திகை, மார்கழியில் வீட்டுச் சாமான் எல்லாம் கொப்பியில்தான் ஓடும். நெல் விற்றபிறகு தீர்ப்பார்கள். ஆகவே கடையின் கடன் உச்சத்துக்கு ஏறுகிற அதே மாதத்தில்தான் குளமும் நிறைகிறது. அதற்கு மேல், வெள்ளத்தில் வயலும் அழிந்தால் கடனைக் கேட்கவும் முடியாது. சரக்குக்கு முகவரிடம் பேசி இரண்டு கிழமை தவணை வாங்கலாம். கொப்பி போனால் எந்த முகவரும் அதைத் திருப்பித் தரமாட்டார்.

அந்தக் கொப்பிக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் மகள் ஆசையாக எழுதிய பக்கங்கள் எல்லாம் ஜெல் பேனை. அவை நீலத் தண்ணீராகப் போய்விட்டன. நான் சாதாரண குமிழ்முனைப் பேனையால் எழுதிய பக்கங்கள் சேறு பட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்த் தன்மையானது, அதனால் தண்ணீரில் லேசில் கரையாது. அன்றிலிருந்து கடையில் குமிழ்முனைப் பேனை மட்டும்தான். இரண்டாவது பிழை என்னுடையது. ஈரத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் போய்ப் பத்துப் பன்னிரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அப்படிச் செய்யக்கூடாதாம். கொப்பியை மூடியபடியே சேற்றை மெதுவாகக் கழுவி, பழைய பத்திரிகைத் தாள்களை நடுவில் சில இடங்களில் மட்டும் வைத்து, காற்றில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயிலில் போடவும் கூடாது. உடனே காயவைக்க வசதி இல்லையென்றால், பொலித்தீனில் சுற்றி வேலை செய்கிற குளிர்ப்பெட்டி ஒன்றில் உறைய விட்டால் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கும், ஆறுதலாகப் பிறகு எடுத்துக் காயவைக்கலாம். பழைய ஆவணங்களைக் காப்பாற்றுகிறவர்கள் செய்கிற முறை இது. வவுனியாவில் நூலகத்தில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் சொன்னார். அவர் சொல்லும்போது எனது கொப்பி பூத்துப்போய் நாலு நாள்.

மொத்தம் 61 குடும்பக் கணக்கு. 38 கணக்கை வாசிக்க முடிந்தது. மிச்சம் 23 வீட்டுக்கும் நடந்தேன். முதல் இரண்டு வீட்டில் "உங்களுக்கு ஏழாயிரம் அளவில் நிக்குது" என்று நானே தொடங்கினேன். அது பிழை. நான் சொன்ன கணக்கை அவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வீட்டில் இருந்து கொப்பி நனைந்ததை உள்ளபடி சொல்லி, "உங்களுக்கு எவ்வளவு என்று ஞாபகம்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு ஆச்சி, "தம்பி, அது பதினோராயிரத்தி நானூறெல்லே, அண்டைக்கு அங்கர் பெட்டியும் எடுத்தனான்" என்றார். நான் மனதில் வைத்திருந்தது ஒன்பதாயிரம். குறைத்துச் சொன்னவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒருவர் தனக்குக் கடனே இல்லை என்றார். வாசிக்க முடியாத கணக்குகளில் கடைசியில் முக்கால்வாசி கைக்கு வந்தது, அதுவும் அடுத்த வருடச் சித்திரை வரை இழுபட்டது.

இப்போது செய்வது மிக எளிமை. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒரு சின்னத் துண்டுக் கொப்பி இருக்கிறது, இரண்டிலும் எழுதுகிறோம். இரவு கடை பூட்டும்போது அன்று எழுதிய பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வவுனியாவில் படிக்கும் மகனுக்கு வட்ஸ்அப்பில் போடுகிறேன். கனடாவில் தங்கச்சி இருக்கிறாள், அவளுக்கும் போகிறது. இரண்டு பேரும் இதுவரை ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், பார்க்கவும் தேவையில்லை. எங்கள் வெள்ளம் போகாத இடத்தில் ஒரு பிரதி இருந்தால் போதும். மாதக் கடைசியில் ஆளுக்கு எவ்வளவு நிலுவை என்று ஒரே தாளில் எழுதி அதையும் படம் எடுக்கிறேன். நூறு பக்கத்தைத் தேடுவதைவிட அந்த ஒரு தாள்தான் அவசரத்துக்கு உதவும். வியாபாரப் பதிவுச் சான்றிதழ், பிரதேச சபை அனுமதி, முகவர்களின் சிட்டைகள் எல்லாம் அதே வழியில் போகின்றன. விதானையார் 2018இல் சேத விபரம் எடுக்க வந்தபோது, என்ன சரக்கு இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. இப்போது கார்த்திகை பிறந்தால் கிழமைக்கு ஒரு தடவை றாக்கைகளைச் சுற்றி ஒரு நிமிட வீடியோ எடுத்து வைக்கிறேன்.

சரக்கு விஷயத்தில் நான் கற்றது, வெள்ளம் வரும்போது தூக்குவது என்ற திட்டம் நடக்காது என்பது. ஒரு ஞாயிறு மத்தியானம், வெள்ளமும் இல்லை இருட்டும் இல்லை, நானும் மனைவியும் மணிக்கூடு வைத்துப் பார்த்தோம். கீழே இருக்கும் எல்லாவற்றையும் மேலே ஏற்ற 1 மணித்தியாலம் 50 நிமிடம் பிடித்தது. 50 கிலோ மூட்டை ஐந்தாவதில் என்னுடைய முழங்கால் போய்விட்டது. இரவில், தண்ணீருக்குள், கரண்ட் இல்லாமல் என்றால் அதில் பாதிகூட நடக்காது. ஆகவே பாரமானவை கார்த்திகை முதலாம் திகதியில் இருந்து தைப்பொங்கல் வரை மேலேயே இருக்கும். 8 அங்குல உயரச் சீமெந்துக் கல்லை நாலு வரிசை அடுக்கி, மேலே 2 அங்குலப் பலகை போட்டேன். 34 அங்குலம் வருகிறது, ஆணிக் கோட்டுக்கு 7 அங்குலம் மேலே. முதலில் மூன்று வரிசைதான் அடுக்கியிருந்தேன். மூட்டையின் அடி தண்ணீரைத் தொட்டால் போதும், அது உறிஞ்சி மேலே ஏற்றிவிடும் என்று ஒரு அரிசி ஆலைக்காரர் சொன்னபிறகு நாலாவது வரிசை போட்டேன்.

கீழே என்ன வைப்பது? பிளாஸ்டிக் வாளி, கயிறு, தும்புத்தடி, தேங்காய். நனைந்தாலும் கழுவி விற்கலாம். மா, சீனி, உப்பு, பால்மா, தீப்பெட்டி ஒருநாளும் கீழே இல்லை.

2018இல் சரக்கை அழித்தது தண்ணீர் மட்டுமில்லை. மண்ணெண்ணெய்ப் பரல் மூடி சரியாக இறுகாமல் சரிந்து, எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாகக் கடை முழுதும் பரவியது. தண்ணீர் எட்டாத தட்டில் இருந்த பிஸ்கட் பெட்டியிலும் மணம் ஏறிவிட்டது. யாரும் வாங்கவில்லை, வாங்கவும் கூடாது. காஸ் சிலிண்டர்கள் இன்னொரு கதை. வெறும் சிலிண்டர் மிதக்கும். மூன்று சிலிண்டர் பின்பக்கக் கதவால் போய், ஒன்று பக்கத்து வயல் வரம்பில் கிடந்தது. இப்போது பரல் தூணோடு சங்கிலியில் நிற்கிறது. சிலிண்டர்களின் கைபிடிகளுக்குள்ளால் ஒரே கயிறு போகிறது.

வெள்ளம் தொட்ட உணவை என்ன செய்வது என்பதில் நான் அப்போது கெட்டித்தனம் காட்டப் போய் மாட்டிக்கொண்டேன். உறை கிழியாத மா பைக்கற்றுகளைத் துடைத்துக் காயவைத்தேன். இரண்டு நாளில் உள்ளே பச்சைப் பூஞ்சணம். தாள், பிளாஸ்டிக் உறை எதுவாக இருந்தாலும் வெள்ளத்தில் முங்கியது கழிவுதான். சோடாப் போத்தலும் அப்படித்தான், மூடிக்குக் கீழே சேறு நிற்கும். தகர டின் மட்டும், நெளியாமலும் துருப்பிடிக்காமலும் இருந்தால், ஒட்டிய தாளை உரித்து, சவர்க்காரத்தால் கழுவி, குளோரின் கலந்த தண்ணீரில் நனைத்து எடுக்கலாம். என்ன மீன், எப்போது காலாவதி என்று மார்க்கர் பேனையால் எழுதிவைக்க மறந்தால் பிறகு விற்கவும் முடியாது.

எப்போது அசைவது என்பதற்கு எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது, களஞ்சிய அறைக் கதவின் பின்னால் ஒட்டியது. இரணைமடுவின் முழுக் கொள்ளளவு 36 அடி. 34ஐத் தொட்டு மழையும் விடவில்லையென்றால், அன்று முகவரிடம் புதிய மா, சீனி எடுப்பதில்லை, காசு மேசையின் கீழ்த்தட்டு காலி. வான் திறக்கப் போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்தால் கொப்பிப் பெட்டியும் காசும் வீட்டுப் பரணுக்குப் போகும். வீதி மதகில் நான் மூன்று கோடு வரைந்திருக்கிறேன். நடுக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் பிரதான ஆளி நிறுத்தப்படும். தண்ணீர் கடைக்குள் வந்தபிறகு ஆளிக்குக் கிட்டப் போகவே கூடாது. நனைந்த குளிர்ப்பெட்டியை அடுத்த நாளே போட்டுப் பார்த்து மோட்டாரை எரித்தவன் நான். மின் வேலை தெரிந்தவர் திறந்து காயவைத்துச் சோதித்தபிறகுதான் செருக வேண்டும்.

நீண்ட மின்வெட்டு வேறு பாடம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அதற்கு முதலே நான் கெட்டித்தனமாகக் கடன்பட்டு ஒரு சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர் வாங்கியிருந்தேன். சில கிழமையில் பெற்றோலும் இல்லை. வரிசையில் நின்று கிடைக்கும் இரண்டு லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கே காணாது. கரண்ட் போன காரணமும் எண்ணெய் இல்லாததுதான், ஜெனரேற்றர் ஓடாத காரணமும் அதேதான். மாற்று ஏற்பாடு என்று எதை வைத்தாலும், முதல் ஏற்பாட்டை விழுத்திய காரணம் இதையும் விழுத்துமா என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு குளிர்ப்பெட்டியைக் காப்பாற்றும் ஆசையை விட்டுவிட்டேன். நிறைந்திருக்கும் குளிர்ப்பெட்டியைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள்கூடக் குளிர் நிற்கும் என்பார்கள், பாதி வெறுமையென்றால் ஒரு நாள். எங்கள் வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே, அதிலும் குறையும். வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி உறைய வைத்திருக்கிறேன். ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயமும் வைத்திருக்கிறேன். நாங்கள் இல்லாதபோது கரண்ட் போய் வந்திருந்தால் நாணயம் கீழே இறங்கியிருக்கும். இறங்கியிருந்தால் இறைச்சியையும் மீனையும் விற்பதில்லை, மீண்டும் இறுகி நல்லதுபோலத் தெரிந்தாலும். ஐஸ்கிரீம் வியாபாரத்தையே நிறுத்திவிட்டேன், பிள்ளைகளுக்குத்தான் கவலை.

வெளிச்சத்துக்கு ஒரு சூரியத் தகடும் 12 வோல்ற் 100 ஆம்பியர் மணிப் பற்றரியும். அதில் பாதியைத்தான் பாவிக்கலாம் என்று வைத்தால் 600 வாற் மணி. மூன்று எல்.ஈ.டி. விளக்கும் கைத்தொலைபேசி ஏற்றுவதும் சேர்ந்து 30 வாற். இரண்டு இரவு கடை நடத்தலாம். குளிர்ப்பெட்டியை இதில் கொழுவினால் ஒரு நாளுக்கே காணாது, ஆகவே அதை நினைப்பதே இல்லை. டிஜிட்டல் தராசு சார்ஜ் இறங்கிச் செத்த அன்றுதான் அப்பாவின் பழைய தட்டுத் தராசைத் துடைத்து எடுத்தேன். படிக்கல்லுக்கு முத்திரை புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

ஹர்த்தால் இவற்றுக்குள் லேசானது, முன்கூட்டியே தெரியும். ஆனாலும் கணக்குப் பிழைக்கும். 2025 ஆகஸ்ட் 15 என்று முதலில் சொன்ன ஹர்த்தால், மடு மாதா திருவிழாவுக்காக 18க்கு மாறியது. நான் 14ஆம் திகதிக்கு இரட்டிப்பாகச் சொல்லியிருந்த பாணை நிறுத்த மறந்து, 40 இறாத்தல் கோழிக்குப் போனது. 18 திங்கட்கிழமை. ஞாயிறும் லொறி வராது. அதாவது கடையடைப்பு ஒரு நாள், சரக்கில்லாத நாள் இரண்டு. சனியே எல்லாம் எடுத்திருக்க வேண்டும்.

மாற்று வழங்கல் என்று சொல்லி நான் வருடக்கணக்காக இரண்டு முகவரை வைத்திருந்தேன். இரண்டு பேருடைய லொறியும் பரந்தன் சந்தியால்தான் வரும் என்பது 2018இல் வீதியை வெள்ளம் மூடியபோதுதான் மண்டையில் ஏறியது. இப்போது ஒருவர் பரந்தன் பக்கம், மற்றவர் புதுக்குடியிருப்பில் ஒரு மொத்தக் கடைக்காரர். அவரிடம் விலை மூட்டைக்குக் கொஞ்சம் கூட. ஆனாலும் மாதத்தில் ஒரு தடவையாவது அவரிடம் எடுப்பேன். நல்ல நாளில் முகம் காட்டாதவனுக்கு வெள்ள நாளில் யார் கடன் தருவார்? அரிசிக்கு ஊர் ஆலை இருக்கிறது, அங்கே லான்மாஸ்டரே போதும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இதெல்லாம் சோதனைக்கு வந்தது. கடைக்குள் தண்ணீர் 1 அடி 10 அங்குலம். பலகைமேல் ஒரு மூட்டையும் நனையவில்லை. பரல் அசையவில்லை. தெற்கு லொறிகள் நின்றுபோய்விட்டன. தண்ணீர் கொஞ்சம் வடிய, புதுக்குடியிருப்புக்காரர் தன் உழவு இயந்திரத்தில் பாதிச் சரக்கை அனுப்பினார்.

வாடிக்கையாளர் விஷயத்தில் ஒன்றைப் பிழையாக நினைத்திருந்தேன். சனம் பாடசாலையில் போய்த் தங்கியபோது அரிசி, பருப்புத்தான் தேவைப்படும் என்று ஒதுக்கி வைத்தேன். அங்கே சமைத்த சாப்பாடு கிடைத்தது. கேட்டதெல்லாம் குழந்தைப் பால்மா, மெழுகுதிரி, நுளம்புத்திரி, சவர்க்காரம், பெண்பிள்ளைகளுக்கான துவாய். வீட்டுக்குத் திரும்பிய அன்று தும்புத்தடியும் குளோரினும் வாளியும் ஒரே காலையில் முடிந்தன. அரிசியைக் கேட்டது அதற்கும் நாலு நாளுக்குப் பிறகு. எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த இலக்கப் பால்மா என்று 14 வீட்டின் பெயர் கதவுத் தாளில் இப்போது இருக்கிறது. அந்தப் பால்மாவில் வீட்டுக்கு இரண்டு பெட்டி என்று தனியாக எடுத்து வைத்துவிடுவேன், மற்றவர் கேட்டாலும் கொடுப்பதில்லை.

நான் யோசிக்காமல் விட்டது சிக்னல். அது போய்விட்டதால் மகனுக்குப் படமும் அனுப்ப முடியவில்லை, கொப்பியும் கையுமாகத்தான் இருந்தோம். வங்கிக்குக் காசு மாற்றித் தருகிறோம் என்றவர்களாலும் முடியவில்லை. எல்லோரிடமும் 5000 ரூபாய்த் தாள், என்னிடம் சில்லறை இல்லை. 180 ரூபாய்ச் சாமானுக்கு மிச்சத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்துக் கொடுத்து, வடிந்தபிறகு 31 துண்டுக்குக் கணக்குத் தீர்த்தேன். இரண்டு துண்டு இன்னும் வரவில்லை. இந்த முறை ஐப்பசியிலேயே 20, 50, 100 ரூபாய்த் தாள்களாக 15,000 ரூபாய் மாற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, கொப்பிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறேன். மனைவி அதை எடுத்துப் பலகாரத்துக்கு மா வாங்கிவிடுவாளோ என்ற பயம்தான் இப்போதைக்கு.